கிளான்ஸ்மன் நோயும் பெர்னார்-சூலியே கூட்டறிகுறியும்

கிளான்ஸ்மன் நோய், பெர்னார்-சூலியே கூட்டறிகுறி ஆகியன குருதிச் சிறுதட்டுகளின் செயற்குறைபாட்டால் குருதிப்போக்கு எளிதில் நிற்காத அரிய மரபுவழி நோய்களாகும். முதலாவதை 1918இல் சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் கிளான்ஸ்மனும், மற்றதை 1948இல் பிரான்சின் ழான் பெர்னார், ழான்-பியேர் சூலியே ஆகியோரும் விவரித்தனர்.

கிளான்ஸ்மன் நோயில் சிறுதட்டுகளின் எண்ணிக்கை இயல்பாகவே இருப்பதால், எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு நோய் புலப்படாது. பெர்னார்-சூலியேயில் தட்டுகள் மிகப் பெரியவை. எண்ணிக்கை பெரும்பாலும் குறைந்தும் சிலரிடம் இயல்பாகவும் இருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய உதவுவது திரட்சிச் சோதனை. சிறுதட்டுகள் நிறைந்த பிளாஸ்மா கலங்கலானது. அதை 37 °செ வெப்பநிலையில் கலக்கியவாறே ஒளியைச் செலுத்தித் தூண்டுபொருளைச் சேர்ப்பர். தட்டுகள் திரண்டால் கலங்கல் தெளிந்து, ஊடுருவும் ஒளி கூடும்.

மூக்கிலிருந்து அடிக்கடி குருதி வடியும் ஒரு குழந்தையின் பிளாஸ்மா ஏடிபி, கொலாஜன், அட்ரினலின் எதற்கும் தெளியாமல், ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் தெளிந்தால் அது கிளான்ஸ்மன் நோயைக் காட்டும். தட்டுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் பைபிரினோசனைப் பற்றுகின்ற IIb/IIIa ஏற்பி அங்கே இல்லை, அல்லது செயற்படவில்லை. ரிஸ்டோசெட்டினோ வான் வில்லிபிராண்டு காரணியை Ib ஏற்பியுடன் இணைப்பது. அவ்வழி பழுதின்றி உள்ளது.

பெர்னார்-சூலியேயில் Ib ஏற்பியே குறைபடுவதால் முடிவு தலைகீழாகும்: ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் திரட்சி இராது. வான் வில்லிபிராண்டு நோயிலும் இதே தோற்றம் வரலாம். அப்போது நலமானவரின் பிளாஸ்மாவைச் சேர்த்துப் பார்ப்பர். காரணி கிடைத்ததும் வான் வில்லிபிராண்டு நோயில் திரட்சி மீளும். ஏற்பியே குறைபட்ட பெர்னார்-சூலியேயில் மீளாது.