டிஸ்க் கெட்டதா, கரண்ட் போதவில்லையா?

புழலில் கல்யாண வீடியோ தொகுக்கும் ஒரு சின்ன ஸ்டூடியோவை எடுத்துக்கொள்வோம். பழைய லேப்டாப்பில் உருப்படியாக இருப்பது ஒரே ஒரு யூஎஸ்பி போர்ட். அதில் ரிச்சி தெருவில் வாங்கிய நாலு போர்ட் ஹப். மவுஸ், கார்டு ரீடர், பாக்கெட் சைஸ் ஹார்ட் டிஸ்க் மூன்றும் அதில்தான். காலையில் ஒழுங்காக ஓடிய டிஸ்க், கார்டிலிருந்து காட்சிகளை ஏற்றும்போது 'டிக் டிக்' என்று தட்டிவிட்டுத் திரையிலிருந்து மறைகிறது. "டிஸ்க் போச்சு, ரெக்கவரிக்குக் குடுத்துடுங்க" என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பணம் கட்டுமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடலாம்.

யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட் என்றால் 900. தனி அடாப்டர் இல்லாத ஹப், புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. அந்த 500-ஐத்தான் பங்கு போடுகிறது. விதிப்படி 100 அதன் சொந்தச் செலவு. மிச்சம் 400, நாலு போர்ட்டுக்கும் தலா 100. மவுஸுக்கு அது தாராளம். டிஸ்க்குக்கோ உள்ளிருக்கும் தட்டைச் சுழற்றத் தொடங்கும் முதல் சில விநாடிகளில் 1 ஆம்பியருக்குப் பக்கத்தில் தேவைப்படலாம்; சுழன்ற பிறகும் எழுதும்போது பல டிஸ்க்குகள் 400, 500 மில்லிஆம்பியர் கேட்கும்.

அப்படியானால் காலையில் எப்படி ஓடியது? பல லேப்டாப் போர்ட்டுகள் விதியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துவிடும். கார்டு ரீடரும் சேர்ந்து இழுக்கும் நேரத்தில் அந்தக் கருணை தீர்ந்துவிடுகிறது. விண்டோஸில் சில சமயம் `Power surge on the USB port` என்று அறிவிப்பு வரும். பெரும்பாலும் அதுகூட வராது.

கேபிளும் தன் பங்கைத் தின்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய 28 கேஜ் கம்பியில் 900 மில்லிஆம்பியர் ஓடினால், போக வர சேர்த்துச் சுமார் 0.4 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். 24 கேஜ் என்றால் இழப்பு 0.15 வோல்ட்தான். கேபிளின் மேலுறையில் இந்த எண் பல நேரம் அச்சிட்டிருக்கும். 5 வோல்ட் 4.4-க்குக் கீழே சரிந்தால் டிஸ்க்கின் சர்க்யூட் மயங்கி மறுபடி தொடங்குகிறது. படிக்கும் முனை அவசரமாகப் பின்வாங்குகிறது. நாம் கேட்கும் 'டிக்' பெரும்பாலும் அதுதான். பாதி எழுதிய கோப்பும், சில நேரம் கோப்புப் பட்டியலும் சிதைவது அந்த நொடியில்.

சோதனை எளிது. ஹப்பை விலக்கி, டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளில் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். ஓடினால் குற்றவாளி ஹப். வேறு கேபிள், வேறு கணினியிலும் தட்டினால் டிஸ்க்கிலேயே கோளாறு. மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

தீர்வு, அடாப்டரோடு வரும் ஹப். ஆனால் நாலு 3.0 போர்ட்டும் தலா 900 கொடுக்க 3.6 ஆம்பியர் வேண்டும். பெட்டியில் இருப்பது 5 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் என்றால், 'பவர்டு' என்பது பெரும்பாலும் அட்டையில் மட்டும்தான். அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் பதிவு எண்ணும் கட்டாயம். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் கடையிலேயே சரிபார்க்கலாம்.

பில் கேட்டு வாங்குங்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. கடைக்காரர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. ஹப், அடாப்டர் லேபிள்களின் படமும், நேராகச் செருகியபோது டிஸ்க் ஓடிய வீடியோவும் கையில் இருந்தால் பேச்சு சுருங்கும். ஆனால் அடாப்டரில்லாத ஹப்பில் மாட்டிய நல்ல டிஸ்க்குக்காக டிஸ்க் நிறுவனத்தோடு மல்லுக்கு நின்று பயனில்லை. பொதுவாக டிஸ்க் வாரண்டியில் உள்ளிருக்கும் காட்சிகள் அடங்குவதும் இல்லை.

மின்வெட்டையும் மறந்துவிடக் கூடாது. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஹப்பின் அடாப்டர் அந்த நொடியே அணையும், எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்கும் கூடவே விழும். அந்த அடாப்டரை இன்வெர்ட்டர் அல்லது யூபிஎஸ் இணைப்பில் செருகுங்கள். அந்த வசதி இல்லாத இடத்தில், ஒரே டிஸ்க்தான் வேலை, லேப்டாப்பில் இன்னொரு போர்ட்டும் உண்டு என்றால், டிஸ்க்கை லேப்டாப்பின் 3.0 போர்ட்டில் நேராகச் செருகிவிட்டு மவுஸை ஹப்புக்கு அனுப்புவதே மேல்.