இரண்டு கொட்டேஷன், ஒரு மெயில்

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனம். பனியன்களை அடுக்கி அனுப்ப 5,000 அட்டைப்பெட்டிகள் வேண்டும். இரண்டு சப்ளையர்கள் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை ஒப்பிட்டு, எதை எடுக்கலாம் என்று பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர் மேலாளருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டும். அந்த மெயிலில் மூன்று தொடர்கள் கட்டாயம் வந்து நிற்கும்: ‘டிஃபரன்ட் ஃப்ரம்’, ‘சிமிலர் டு’, ‘கம்பேர்டு டு’. எந்தச் சொல்லுக்குப் பின் ‘டு’, எதற்குப் பின் ‘ஃப்ரம்’ என்று இலக்கணப் புத்தகத்தில் படித்துவிடலாம். எந்த இடத்தில் எதை எழுதினால் மேலாளர் தவறான முடிவுக்குப் போகமாட்டார் என்பதைக் கணக்குதான் சொல்லும். ஆகவே முதல் வேலை மெயில் எழுதுவதல்ல, கணக்குப் போடுவது.

முதலாமவர், இவரை ‘ஏ’ என்று வைத்துக்கொள்வோம், பெட்டிக்கு 62 ரூபாய் கேட்கிறார். அது அவருடைய ஆலை வாசல் விலை. லாரி வாடகை நம்முடையது. சரக்கு வந்ததும் முழுப் பணமும் கொடுக்க வேண்டும். இரண்டாமவர் ‘பி’. பெட்டிக்கு 66 ரூபாய்; நம் குடோனில் இறக்கித் தருவார், 30 நாள் கடனும் உண்டு. இருவருமே விலையை ஜிஎஸ்டி நீங்கலாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். வரி விகிதமும் ஒன்றே என்பதால் அதைத் தள்ளி வைக்கலாம்.

பார்த்த பார்வைக்கு நான்கு ரூபாய் வித்தியாசம். ஆனால் ஏ-யிடமிருந்து சரக்கைக் கொண்டுவர லாரிக்கு மொத்தம் 15,000 ரூபாய் ஆகிறதென்றால் பெட்டிக்கு 3 ரூபாய் கூடும். 62 என்பது 65 ஆகிவிட்டது. அடுத்தது கடன் தவணை. 65 ரூபாய் வீதம் 5,000 பெட்டிக்கு 3,25,000 ரூபாய். அந்தப் பணத்தை ஒரு மாதம் முன்னதாகக் கொடுப்பதற்கு, ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால், 3,250 ரூபாய் செலவு. பெட்டிக்கு 65 காசு. ஆக ஏ-யின் உண்மையான விலை 65 ரூபாய் 65 காசு, பி-யின் விலை 66 ரூபாய். நான்கு ரூபாய் 35 காசாகச் சுருங்கிவிட்டது. இந்தக் கணக்கைப் போடாமல் எழுதும் மெயிலில் ஆங்கிலம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது பொய்யான மெயில்தான்.

கணக்கு முடிந்தபின் ஒவ்வொரு அம்சத்தையும் எடுத்து, இது ‘வேறு’ என்று எழுதத்தக்கதா, ‘ஒத்தது’ என்று எழுதத்தக்கதா என்று பிரிக்க வேண்டும். அதிகக் கவனம் தேவைப்படுவது ‘சிமிலர் டு’வுக்குத்தான். ஒன்றை ‘சிமிலர்’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் அந்த வரியை இனிமேல் திரும்பிப் பார்க்கமாட்டார். இங்கே இரண்டு கொட்டேஷனிலும் ஐந்து பிளை பெட்டி, ஒரே அளவு, 150 ஜிஎஸ்எம் தாள் என்று இருக்கிறது. ‘தி பாக்ஸஸ் ஆர் சிமிலர்’ என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். கீழே சின்ன எழுத்தில் ஏ-யின் தாள் 16 பிஎஃப், பி-யின் தாள் 20 பிஎஃப் என்று இருப்பதைப் பார்த்தால் கை நிற்கும். பிஎஃப் என்பது தாள் எவ்வளவு அழுத்தம் தாங்கிக் கிழியும் என்பதன் அளவு. 150 ஜிஎஸ்எம் தாளில் 16 பிஎஃப் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2.4 கிலோ, 20 பிஎஃப் என்றால் 3 கிலோ. கப்பலில் ஈரக் காற்றில் வாரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கப்போகும் பெட்டிக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

அதனால் ‘சிமிலர் டு’வைத் தனியாக விடக்கூடாது, எந்த வகையில் என்று ‘இன்’ போட்டுச் சொல்ல வேண்டும்: ‘பாக்ஸ் ஏ இஸ் சிமிலர் டு பாக்ஸ் பி இன் சைஸ் அண்ட் பிளை.’ உண்மையில் அளவும் பிளையும் அச்சாக ஒன்றே என்பதால், ‘தி சேம் ஆஸ்’ என்பது இன்னும் நேர்மையான சொல். ‘சிமிலர் வித்’, ‘சேம் லைக்’ இரண்டும் நம் பேச்சுப் பழக்கத்தில் வந்துவிடுபவை, ஆங்கிலத்தில் கிடையாது.

‘டிஃபரன்ட் ஃப்ரம்’ தொடருக்கு வேறொரு குறை. வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்லாது. ஆகவே அதை எழுதிய கையோடு இரு எண்களையும் எழுதிவிட வேண்டும்: ஏ 16, பி 20. அமெரிக்கர்கள் ‘டிஃபரன்ட் தேன்’ என்பார்கள், பிரிட்டன்காரர்கள் பேச்சில் ‘டிஃபரன்ட் டு’ என்பார்கள். ‘ஃப்ரம்’ இருவருக்கும் சரி, ஆகவே அதிலேயே நிற்கலாம்.

இந்தத் தொடரில் ஒளிந்திருக்கும் பெரிய பிழை வேறு. ‘தி பேப்பர் ஆஃப் ஏ இஸ் டிஃபரன்ட் ஃப்ரம் பி’ என்று எழுதினால் ஏ-யின் தாளை பி என்ற ஆளோடு ஒப்பிட்டதாகிறது. ‘ஃப்ரம் தட் ஆஃப் பி’ என்று வர வேண்டும். தமிழிலும் ‘ஏ-யின் விலை பி-யை விடக் குறைவு’ என்று பேசிப் பழகியவர்கள் நாம், காதுக்கு உறுத்தாது. எழுதி முடித்ததும் ‘ஃப்ரம்’, ‘டு’, ‘தேன்’ மூன்றுக்கும் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே வகைப் பொருள் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது நல்லது.

‘கம்பேர்டு டு’வைத்தான் அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறோம். ‘கம்பேரிங் டு’ என்றோ, வெறுமனே ‘கம்பேர் டு’ என்றோ தொடங்குவது தவறு. ‘கம்பேர்டு டு’, ‘கம்பேர்டு வித்’ இரண்டும் செல்லும். ஆனால் கூட, குறைய என்று சொல்லும் இடத்தில் அது தேவையே இல்லை; ‘லோயர் தேன்’ போதும். அதன் சரியான இடம் இரு நிலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது: ‘பி ஆஃபர்ஸ் 30 டேஸ் கிரெடிட், கம்பேர்டு டு பேமென்ட் ஆன் டெலிவரி ஃப்ரம் ஏ.’

சதவீதம் எழுதினால் எதை அடிப்படையாக வைத்தோம் என்பதும் இந்தச் சொற்களில்தான் அடங்கியிருக்கிறது. கொட்டேஷனில் உள்ள விலைப்படி ஏ, பி-யை விட 6.1 சதவீதம் குறைவு. ஆனால் பி, ஏ-யை விட 6.5 சதவீதம் அதிகம். ரூபாய் ஒன்றே, அடிப்படை வேறு. இரண்டையும் ஒரே மெயிலில் கலந்தால் மேலாளர் குழம்புவார். ரூபாயிலேயே சொல்லிவிடுவதுதான் என் விருப்பம்.

இனி மெயிலின் வரிசை. முதல் வரியில், எல்லாச் செலவும் சேர்த்து ஏ 65.65, பி 66.00. அடுத்து, தாளின் பிஎஃப் வித்தியாசம். பிறகு பணத் தவணை. ஒன்றாக இருப்பவற்றுக்குக் கடைசியில் ஒரே வரி. வெளிநாட்டு பையரின் பேக்கிங் விதியில் 20 பிஎஃப் கேட்டிருந்தால் ஏ-யின் இந்தக் கொட்டேஷன் விலை பார்க்காமலே விலக்க வேண்டியது. 16 போதும் என்று இருந்தாலும் 35 காசுக்காகப் பலம் குறைந்த பெட்டியை எடுக்க நான் சொல்லமாட்டேன். 20 பிஎஃப் தாளுக்கு ஏ-யிடம் புது விலை கேட்டு, பி-யின் கொட்டேஷன் எந்தத் தேதிவரை செல்லுபடியாகும் என்பதையும் மெயிலில் எழுதி அனுப்புங்கள்.