கடன் கேட்டு வருபவர்கள் மாறிவிட்டால்

டூவீலர் வாங்க ஷோரூமுக்குப் போகிறீர்கள். அங்கேயே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்காரர் ஆதார், பான், சம்பள விவரம் எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்றுகிறார். கொடுத்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் கடன் உண்டா இல்லையா என்று பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதிலைச் சொல்வது மேனேஜர் அல்ல, ஒரு மாடல். முன்பு கடன் வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களில் யார் ஒழுங்காகக் கட்டினார்கள், யார் இழுத்தடித்தார்கள் என்ற பழைய கணக்கைப் படித்து, புதிதாக வருபவர் தவணை தவற எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பெண் போடுகிற கணினி நிரல்.

அது படித்தது பழைய ஆட்களின் கணக்கு. மதிப்பெண் போடுவது புது ஆட்களுக்கு. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி இருக்கும்வரை வண்டி ஓடும். வருகிறவர்கள் மாறினாலோ, அவர்களைப் பற்றிப் பதிவாகும் தகவல் மாறினாலோ, மாடல் சத்தம் போடாது. எப்போதும்போல மதிப்பெண் போட்டுக்கொண்டே இருக்கும். டேட்டா டிரிஃப்ட் என்று துறையில் இருப்பவர்கள் சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

கடன் மாடலில் இது தனித் தலைவலி. மதிப்பெண் சரியா தப்பா என்று உடனே தெரியாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி 90 நாளைத் தாண்டினால்தான் அது வாராக்கடன். அதனால் இன்று கொடுத்த கடன் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பெழுத, பல நிறுவனங்கள் ஒரு வருடமாவது காத்திருக்கின்றன. அதுவரை மாடல் தவறாக ஓடினால் நட்டம் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே தீர்ப்புக்குக் காத்திராமல், வாசலுக்கு வரும் கூட்டத்தையே கண்காணிக்கிறார்கள்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மாடலை உருவாக்கிய காலத்து விண்ணப்பதாரர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, ஆளுக்குச் சமமாக ஐந்து பட்டைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றிலும் 20 சதவீதம் பேர். இந்த மாதம் வந்தவர்களை அதே பட்டைகளில் போட்டுப் பார்த்தால், அடிமட்டப் பட்டையிலிருந்து மேலே வரிசையாக 33, 24, 19, 14, 10 சதவீதம். மதிப்பெண் குறைந்தவர்கள் பக்கம் கூட்டம் சாய்ந்திருக்கிறது.

எவ்வளவு சாய்வு என்பதை ஒரே எண்ணில் சொல்ல, பாப்புலேஷன் ஸ்டெபிலிட்டி இண்டெக்ஸ், சுருக்கமாக பிஎஸ்ஐ, என்ற பழைய கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு பட்டைக்கும் இன்றைய பங்கிலிருந்து அன்றைய பங்கைக் கழித்து, அதை அந்த இரண்டின் விகிதத்தினுடைய லாகரிதத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். முதல் பட்டைக்கு 0.13 × ln(0.33/0.20), அதாவது சுமார் 0.065. கடைசிப் பட்டைக்கு 0.069. ஐந்தையும் கூட்டினால் 0.16 வருகிறது. 0.1-க்குக் கீழே என்றால் கவலையில்லை, 0.25-ஐத் தாண்டினால் பெரிய மாற்றம், இடையில் இருந்தால் கவனி என்பது கடன் துறையின் நடைமுறை வழக்கம்.

இந்த எல்லைகள் அனுபவத்தில் வந்தவை, வேதவாக்கு அல்ல. பத்துப் பட்டைகள் வைத்து, ஒரு சின்னக் கிளையின் நூறு விண்ணப்பங்களை மட்டும் அளந்தால், உண்மையில் எதுவுமே மாறாதபோதும் தற்செயலாகவே பிஎஸ்ஐ சராசரியாக 0.09 அளவுக்கு வந்துவிடும். கிளை வாரியாக, வாரம் வாரம் அளந்து, சிவப்பு விளக்கு எரிகிற ஒவ்வொரு முறையும் கூட்டம் போடுகிற இடங்களில் கொஞ்ச நாளிலேயே அந்த விளக்கை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது அலட்சியம் இல்லை, அளவுகோலை வைத்த விதம் அப்படி.

சரி, நம் நிறுவனத்தில் 0.16. விளக்கு எரிந்ததும் மாடலைப் புதுசாகப் பயிற்றுவிக்க ஓடுவது பலர் செய்யும் வேலை. முதலில் கேட்க வேண்டியது, மாறியது ஆட்களா, பதிவா என்பதுதான். மதிப்பெண்ணுக்குள் போகும் ஒவ்வொரு தகவலையும், அதாவது வருமானம், வயது, வேலையில் இருக்கும் காலம், சிபில் ஸ்கோர் ஆகியவற்றைத் தனித்தனியாக அதே கணக்கில் போட்டுப் பார்க்கிறார்கள். வருமானம் திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை முதல் பன்னிரண்டு மடங்காகக் கூடியிருந்தால், ஊரே ஒரே ராத்திரியில் பணக்காரர் ஆகவில்லை. செயலியின் புதிய பதிப்பில் மாதச் சம்பளக் கட்டத்தில் ஆண்டு வருமானத்தை யாரோ கேட்க வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு தகவலில், ஒரு குறிப்பிட்ட நாளில், படிக்கட்டு மாதிரி ஏறும் மாற்றம் பெரும்பாலும் இப்படிப்பட்ட கோளாறுதான். ஆட்கள் மாறும்போது பல தகவல்கள் சேர்ந்து, மெதுவாக நகரும்.

கோளாறே இல்லாமலும் பதிவு மாறலாம். கடன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை சிபில் போன்ற அமைப்புகளுக்கு முன்பு மாதம் ஒருமுறை அனுப்பின. 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. "கடைசியாகப் பதிவு புதுப்பிக்கப்பட்டு எத்தனை நாள்" என்ற தகவலை ஒரு மாடல் பயன்படுத்தினால், கடன் வாங்கும் ஒருவர்கூட மாறாமலே அந்த எண் சரிந்துவிடும். இங்கே செய்ய வேண்டியது அந்த ஒரு தகவலைக் கணக்கிடும் முறையைத் திருத்துவதுதான்.

நம் நிறுவனத்தில் பதிவில் பிழையில்லை. சிபில் ஸ்கோர் இடம்தான் நகர்ந்திருக்கிறது: ஸ்கோரே இல்லாதவர்கள், அதாவது இதற்குமுன் எங்கும் கடன் வாங்காதவர்கள், 18 சதவீதமாக இருந்து 40 ஆகியிருக்கிறார்கள். விற்பனைப் பிரிவைக் கேட்டால் விஷயம் வெளியே வருகிறது. சிற்றூர் டீலர்களோடு புதிதாக ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். மாடலைப் பார்த்துக்கொள்பவர்களிடம் யாரும் சொல்லவில்லை. (இது கற்பனை நிறுவனத்தில் மட்டும் நடப்பதில்லை.)

ஆக, கூட்டம் நிஜமாகவே மாறிவிட்டது. ஆனாலும் மாடல் கெட்டுவிட்டது என்று இன்னும் சொல்ல முடியாது. முதல்முறை கடன் வாங்குபவர்களுக்கு மாடல் குறைந்த மதிப்பெண் போட, அவர்களும் அதற்கேற்ப அதிகமாகவே தவணை தவறினால், மாடல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் அர்த்தம். பிஎஸ்ஐ வந்தவர்களைப் பற்றிப் பேசுமே தவிர, அவர்கள் கட்டினார்களா என்று சொல்லாது. அதற்கு ஏதாவது ஒரு விளைவு வேண்டும். ஒரு வருடம் காத்திருக்கவும் முடியாது. எனவே முன்கூட்டியே தெரியும் அறிகுறிகளைப் பிடிக்கிறார்கள். முதல் இஎம்ஐயே வங்கியில் பவுன்ஸ் ஆனதா, முதல் மூன்று தவணைக்குள் ஒருமுறையாவது பாக்கி 30 நாளைத் தாண்டியதா என்று பார்ப்பது வழக்கம். முதல் தவணையே பவுன்ஸ் ஆவது வெறும் மறதியாகவும் இருக்கலாம்; 30 நாள் பாக்கி அப்படியல்ல.

புது டீலர்கள் வழியாக முதல்முறை கடன் வாங்கிய 1,000 பேரில், மாடல் போட்ட மதிப்பெண்படி 60 பேர் அந்த 30 நாளைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டியவர்கள் 95. ஏற்கெனவே சிபில் வரலாறு உள்ள 1,000 பேரில் எதிர்பார்த்தது 40, நடந்தது 42. இரண்டாவது குழுவில் மாடலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் குழுவில் 35 பேர் கூடுதல். இது தற்செயலாக இருக்குமா? ஆயிரத்துக்கு 60 எதிர்பார்க்கும் இடத்தில் இயல்பான ஏற்ற இறக்கம் சுமார் ஏழு, எட்டு. 35 என்பது அதன் நான்கு மடங்குக்கும் மேல். இதே விகிதம் நூறு பேரில், ஆறுக்குப் பதில் ஒன்பது என்று வந்திருந்தால் பேசாமல் இன்னும் இரண்டு மாதம் பார்த்திருக்கலாம்.

இப்போதும் மறுபயிற்சி என்று முடிவாகவில்லை. மாடல் இரண்டு விதமாகத் தவறலாம். வரிசை சரியாக இருந்து அளவு மட்டும் தவறலாம்: அதிக ஆபத்து என்று சொன்னவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள், ஆனால் எல்லாப் பட்டையிலும் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு. அப்படியென்றால் மாடலைத் தொடவே வேண்டாம். மதிப்பெண்ணுக்கு என்ன சதவீதம் என்ற அட்டவணையைத் திருத்தினால் போதும், அல்லது அனுமதி எல்லையை உயர்த்தலாம்; ஒரு வாரத்து வேலை. இன்னொன்று, வரிசையே குலைவது. தவணை தவறிய ஒருவரையும் ஒழுங்காகக் கட்டிய ஒருவரையும் எடுத்து, தவறியவருக்கு மாடல் கூடுதல் ஆபத்து சொல்லியிருந்ததா என்று பார்க்க வேண்டும். இப்படி எல்லா ஜோடிகளையும் பார்த்து, எத்தனை பங்கில் சரியாகச் சொன்னது என்று கணக்கிடுகிறார்கள். 0.5 வந்தால் பூவா தலையா போட்டதற்குச் சமம்.

நம் நிறுவனத்தில் முதல்முறைக்காரர்களுக்கு அது 0.54. காரணம் தெளிவு: மாடல் பெரும்பாலும் சிபில் விவரங்களை நம்பித்தான் கட்டப்பட்டது, இவர்களுக்கோ அந்தக் கட்டங்கள் எல்லாம் காலி. இவர்களைப் பிரித்துப் பார்க்க அதனிடம் சரக்கே இல்லை. இங்கேதான் மறுபயிற்சி வேண்டும். அதே பழைய தகவல்களை வைத்துப் பயிற்றுவித்தாலும் பயனில்லை. முன்பணம் எவ்வளவு கட்டினார், எத்தனை வருடமாக அதே வேலை, வங்கிக் கணக்கில் மாதக் கடைசியில் என்ன இருப்பு போன்றவற்றைச் சேர்க்க வேண்டும். புது மாடல் கற்றுக்கொள்ளத் தவறியவர்கள் சில நூறு பேராவது தேவை. 95 பேர் போதாது. அவ்வளவு பேர் சேரும்வரை இந்தக் குழுவுக்கு மட்டும் முன்பணத்தை உயர்த்தி வைப்பது நடைமுறை.

எந்தக் காலத்துக் கணக்கை வைத்துப் பயிற்றுவிப்பது என்பதில்தான் நல்ல அனுபவசாலிகளும் வழுக்குகிறார்கள். புதிய தரவு எப்போதும் நல்லது என்று நினைப்பு. கொரோனா வந்தபோது 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதம் தவணை ஒத்திவைப்பு அனுமதித்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. ஒத்திவைப்பு எடுத்தவரின் கணக்கில் அந்த மாதங்கள் பாக்கி நாட்களாக எண்ணப்படவில்லை. வேலை போய் ஒரு பைசா கட்டாதவரும் காகிதத்தில் ஒழுங்கான கடன்காரர். அந்த மாதங்களை அப்படியே கொடுத்துப் பயிற்றுவித்தால், வருமானம் நின்றுபோனவரும் தவணை தவற மாட்டார் என்று மாடல் கற்றுக்கொள்ளும். அந்த மாதங்களை விலக்க வேண்டும், அல்லது ஒத்திவைப்பு முடிந்தபின் என்ன கட்டினார் என்பதை வைத்துத் தீர்ப்பை மாற்றி எழுத வேண்டும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. நிராகரிக்கப்பட்டவர் கட்டியிருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. மாடல் தான் அனுமதித்தவர்களின் கணக்கை மட்டும் படித்து, அடுத்த முறை இன்னும் குறுகலாகத் தேர்ந்தெடுக்கும். இதைத் தடுக்கச் சில நிறுவனங்கள் எல்லைக்குச் சற்றுக் கீழே இருப்பவர்களில் சிறு பங்குக்கு, நட்டம் வந்தாலும் வரட்டும் என்று, தெரிந்தே கடன் கொடுக்கின்றன. கணக்குப் பிரிவு இதை விரும்புவதில்லை. எனக்கு இது நியாயமான செலவாகவே படுகிறது.

புது மாடல் தயாரானதும் பழையதை அன்றே கழற்றிவிடுவதில்லை. சில மாதங்கள் இரண்டும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மதிப்பெண் போடும், முடிவு மட்டும் பழையதன் படி நடக்கும். சாம்பியன், சேலஞ்சர் என்று இவற்றைச் சொல்வார்கள். முதல்முறைக்காரர்களிடம் சேலஞ்சர் முன்னேறியதா என்று மட்டும் பார்த்தால் போதாது. நன்றாக இருந்த சிபில் வரலாறுள்ள குழுவில் சறுக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாற்றிய அன்றே பிஎஸ்ஐ கணக்கின் ஒப்பீட்டு அடிப்படையையும் மாற்றியாக வேண்டும்: ஐந்து பட்டைகளைப் புது மாடலின் மதிப்பெண்ணிலும், அது படித்த கூட்டத்திலும் மீண்டும் பிரிக்க வேண்டும். இதை மறந்தால் முதல் மாதமே சிவப்பு விளக்கு எரியும், மாறாத ஒன்றுக்காக.