டயர் சைடுல பிளாட்பாரக் கல் உரசிடுச்சா? 0 ரூபாய் வேலையா, 5,500 ரூபாய் வேலையான்னு நீங்களே கண்டுபிடிக்கலாம்



காரை ஓரமா நிறுத்தும்போது பிளாட்பாரக் கல்லுல டயர் உரசுறது எல்லாருக்கும் நடக்குற விஷயம்தான். அடுத்த நாள் டயர் கடைக்குப் போனா ரெண்டு விதமான பதில் வரும். ஒருத்தர், "சார், சைடுவால் போச்சு, ஹைவேல வெடிச்சுடும், ஜோடியா மாத்திடுங்க"ன்னு பயமுறுத்துவார். இன்னொருத்தர், "ஒண்ணுமில்ல சார், 500 ரூபாய் குடுங்க, பேட்ச் போட்டுடலாம்"னு சொல்வார். முதல் ஆள் சொல்றதைக் கேட்டா தேவையில்லாம பல ஆயிரம் போகும். ரெண்டாவது ஆள் சொல்றதைக் கேட்டா 500 ரூபாயோட உயிருக்கும் ஆபத்து வரலாம்.

இதுல எந்தப் பக்கம் நிக்கணும்னு முடிவு பண்ண, டயரோட சைடுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா போதும்.

சைடுவாலுக்குள்ள என்ன இருக்கு?

உங்க டயரோட பக்கவாட்டுல பொடி எழுத்துல பிளை விவரம் போட்டிருப்பாங்க. நிறைய சின்ன கார் டயர்கள்ல, ரோட்டைத் தொடுற பகுதிக்கு "பாலியஸ்டர் 1 பிளை, ஸ்டீல் 2 பிளை"ன்னும், சைடுவாலுக்கு "பாலியஸ்டர் 1 பிளை"ன்னும் இருக்கும்.

அதாவது ரோட்டைத் தொடுற பகுதிக்குக் கீழ ஸ்டீல் கம்பி பெல்ட் இருக்கு. சைடுல அது கிடையாது. அங்க காத்தோட அழுத்தத்தைத் தாங்குறது ஒரே ஒரு அடுக்கு பாலியஸ்டர் நூல்தான். நமக்குக் கண்ணுக்குத் தெரியுற கறுப்பு ரப்பர், அந்த நூலை வெயில், தண்ணி, உரசல்ல இருந்து காப்பாத்துற ஒரு சட்டை மாதிரி.

அதனால கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். கிழிஞ்சது சட்டையா, உள்ள இருக்குற நூலா? சட்டை மட்டும் தேஞ்சிருந்தா அது அழகுப் பிரச்சினை. நூல் அறுந்திருந்தா டயர் முடிஞ்சது.

அசிங்கமா இருக்குறது வேற, ஆபத்தா இருக்குறது வேற

பலருக்கும் குழப்பம் வர்ற இடம் இது. கல்லுல டயர் ரெண்டு விதமா படும்.

முதல் விதம், உரசல். பார்க்கிங்ல மெதுவா ஓரம் கட்டும்போது டயர் கல்லை ஒட்டித் தேய்ச்சுக்கிட்டே போகும். எழுத்தெல்லாம் அழிஞ்சு, சாம்பல் நிறத்துல ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழும். பார்க்கவே கொடுமையா இருக்கும். ஆனா பெரும்பாலும் மேல் ரப்பர் மட்டும்தான் போயிருக்கும். சில டயர்கள்ல ரிம்முக்குப் பக்கத்துல தடிமனா ஒரு வரம்பு இருக்கும். அது இந்த உரசலை வாங்கிக்கிறதுக்குன்னே வச்சது.

ரெண்டாவது விதம், மோதல். கொஞ்சம் வேகத்துல கல்மேல ஏறி இறங்கும்போது, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல சைடுவால் நசுங்கும். அந்த நொடியில உள்ள இருக்குற நூல் அறுந்து போகலாம். வெளி ரப்பர்ல ஒரு கீறல்கூட இல்லாம இருக்கலாம். ரப்பர் வளைஞ்சு குடுத்துடும், நூல் அந்த அளவுக்கு நீளாது. நூல் அறுந்த இடத்துல காத்தைப் பிடிச்சு வைக்க வெறும் ரப்பர்தான் மிச்சம். அதனால அந்த இடம் வெளிய தள்ளிப் புடைக்கும். இதைத்தான் கடையில "பல்ஜ்"னு சொல்றாங்க.

காத்து கம்மியா இருக்குற டயர் இன்னும் சுலபமா நசுங்கும். அதனால ரெண்டு மாசமா காத்தே செக் பண்ணாத வண்டி கல்லுல ஏறினா, நூல் அறுபடுற வாய்ப்பு ஜாஸ்தி.

வீட்லயே செய்யுற 10 நிமிஷ சோதனை

முதல்ல டயர் ஆறியிருக்கும்போது, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல போட்ட அளவுக்குக் காத்து பிடிச்சுக்கோங்க. காத்து கம்மியா இருந்தா புடைப்பு சரியா தெரியாது. அப்புறம் உரசின இடத்தை சோப்புத் தண்ணியால கழுவிக் காய விடுங்க.

அடுத்து, ஆழம். விரல் நகத்தை உரசல் மேல ஓட்டுங்க. உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பா இருந்து, அடி வரைக்கும் ஒரே கறுப்பா இருந்தா ரப்பர் மட்டும்தான் போயிருக்கு. ரப்பர் பிளந்து மடிப்பு மாதிரி நின்னா, அதை விரலால மெல்ல விரிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள வெளுப்பாவோ பழுப்பாவோ நூல் இழை தெரிஞ்சா சோதனை அங்கேயே முடிஞ்சது, டயரை மாத்தணும். ஸ்க்ரூடிரைவர் விட்டுக் குத்திப் பார்க்காதீங்க. நல்லா இருக்குற நூலை நீங்களே அறுத்துடுவீங்க.

மூணாவது, புடைப்பு. டார்ச்சை நேரா அடிக்காம டயரை ஒட்டிச் சாய்வா அடிங்க. சின்ன மேடுகூட நிழல் விழுந்து காட்டிக் குடுத்துடும். அப்படியே உள்ளங்கையால சைடுவாலைச் சுத்தித் தடவுங்க. தரையைத் தொடுற இடத்துல எல்லா டயரும் கொஞ்சம் உப்பிதான் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வண்டியை அரைச் சுத்து நகர்த்திட்டு மிச்சப் பகுதியையும் பாருங்க.

உள் பக்கச் சுவரை விட்டுடாதீங்க. மோதல்ல அதுவும் சேர்ந்து நசுங்கும். முன் டயருக்கு ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா உள் பக்கம் தெரியும். பின் டயருக்கு மொபைல்ல வீடியோவை ஆன் பண்ணி, டயருக்குப் பின்னால நீட்டி எடுங்க.

ஒரு விஷயம் பலரை ஏமாத்தும். சைடுவால்ல ரிம்ல இருந்து ரோட்டுப் பகுதி நோக்கி, உள்ள அமுங்கின மாதிரி ஒரு மெல்லிய பள்ளக் கோடு இருக்கலாம். டயர் செய்யும்போது நூல் அடுக்கோட ரெண்டு முனையும் ஒண்ணுமேல ஒண்ணு சேர்ற இடம் அது. அங்க நூல் ரெட்டிப்பா இருக்கிறதால கம்மியா உப்புது, அவ்வளவுதான். பள்ளத்துக்குப் பயப்பட வேண்டாம், மேடுதான் ஆபத்து.

கடைசியா, காலண்டர்ல குறிச்சுக்கோங்க. புடைப்பு உடனே தெரியணும்னு இல்ல, சில நாள் ஓடின பிறகும் வெளிய வரலாம். மறுநாள், ஒரு வாரம் கழிச்சு, ஒரு மாசம் கழிச்சுன்னு மூணு தடவை தடவிப் பாருங்க. கூடவே காத்து அளவையும் எழுதி வைங்க. காத்து இறங்கிக்கிட்டே இருந்தா ரிம் நெளிஞ்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆனா காத்து இறங்கலைங்கிறதால டயர் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க. உள் ரப்பர் முழுசா இருந்தா, நூல் அறுந்த டயர்கூட காத்தைப் பிடிச்சு வச்சிருக்கும்.

நூல் தெரியல, ஆனா ஒரு துண்டு ரப்பரே பிஞ்சு போயிருக்குன்னா? இந்தக் குழப்பத்துக்கு மட்டும் கடைக்குப் போங்க. ரிம்ல இருந்து டயரைக் கழட்டி உள் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்க. உரசலுக்கு நேர் பின்னால மடிப்போ விரிசலோ இல்லாம வழவழப்பா இருந்தா ஓட்டலாம். சில நூறு ரூபாய் செலவுல முடியுற வேலை இது.

பேட்ச் ஏன் வேலைக்கு ஆகாது?

185/65 ஆர்15 டயரை எடுத்துக்குவோம். அதோட சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல சுத்தும். 80 கிலோமீட்டர் வேகத்துல விநாடிக்கு சுமார் 11 சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் சைடுவால் ஒரு தடவை மடங்கி விரியுது. ஆணி ஏறின பஞ்சர் இருக்குற ரோட்டுப் பகுதி இப்படி மடங்காது, அதனால அங்க பேட்ச் நிக்கும். சைடுல ஒட்டின பேட்ச் காத்து வெளிய போறதைக் கொஞ்ச நாள் தடுக்கலாம். அறுந்த நூலை அது சேர்த்து வைக்காது. அதனாலதான் சைடுவால் சேதத்துக்கு ரிப்பேரே கிடையாது, மாத்துறது மட்டும்தான் வழி.

ஒரு காரு, ரெண்டு டயர்: கணக்கு போடுவோம்

மூணாவது வருஷம் ஓடுற ஒரு ஹேட்ச்பேக்னு வச்சுக்குவோம். 20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. டயர்ல இன்னும் 5.5 மில்லிமீட்டர் ஆழம் இருக்கு, சட்டப்படி 1.6 வரைக்கும் ஓட்டலாம். ஒரு டயர் விலை 5,500 ரூபாய்னு எடுத்துக்குவோம்.

இடது முன் டயர்ல பார்க்கிங் உரசல். ஒரு சாண் நீளம், எழுத்து அழிஞ்சிருக்கு, அடி வரைக்கும் கறுப்பு, மேடு இல்ல. இடது பின் டயர் பார்க்கப் புதுசு மாதிரி இருக்கு. ஆனா தடவினா நெல்லிக்காய் சைஸுக்கு ஒரு மேடு. இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள் பக்கமா வெட்டிப் போகும். முன் சக்கரம் தப்பிச்ச கல்லுமேல பின் சக்கரம் ஏறி இறங்கியிருக்கு.

அசிங்கமா இருக்குற முன் டயருக்கு செலவு 0. அழகா இருக்குற பின் டயரைத்தான் மாத்தணும்.

கடைக்காரர் நாலையும் மாத்தச் சொன்னா 22,000 ரூபாய். தேவை ஒண்ணுதான். ஸ்டெப்னி அதே சைஸா, இன்னும் ஓடாம இருந்தா அதைப் பின்னால மாட்டிட்டு, 5,500 ரூபாய்க்கு வாங்குற புது டயரை ஸ்டெப்னியா வைங்க. டிக்கிக்குள்ள சும்மா கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும், அதனால பழசை முதல்ல பயன்படுத்துறதுதான் லாபம். ஒரே ஆக்சில்ல ரெண்டு டயருக்கும் தேய்மான வித்தியாசம் சுமார் 2 மில்லிமீட்டருக்குள்ள இருக்குற மாதிரி பார்த்துக்கோங்க. அதுக்கு மேல போனா ஜோடியா மாத்துறது நியாயம்தான். ஸ்டெப்னி சின்ன சைஸா இருந்தா, அதுல எழுதியிருக்குற வேக வரம்புக்குள்ள கடை வரைக்கும் போக மட்டும் அது உதவும்.

இன்சூரன்ஸ் வருமா? சாதாரண பேக்கேஜ் பாலிசியில, வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டாதான் டயருக்குப் பணம் உண்டு. அதுவும் மாத்துற செலவுல 50% வரைக்கும்தான். டயர் மட்டும் போச்சுன்னா ஒண்ணும் கிடையாது.

ரிம்மும் லேசா நெளிஞ்சதுன்னு கிளெய்ம் போடுறீங்கன்னு வைங்க. டயர் பங்கு 2,750 ரூபாய். 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. மிச்சம் 1,750, அதோட ரிம்முக்கு வர்ற தொகை. இந்தப் பக்கம், கிளெய்மே போடாம மூணு வருஷம் முடிச்சா ரென்யூவல்ல 35% நோ கிளெய்ம் போனஸ் வரும். ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய்னா, அது 2,800 ரூபாய் தள்ளுபடி. கிளெய்ம் போட்டா அது போச்சு, அடுத்த வருஷம் 20%ல இருந்து மறுபடி ஏறணும். ரிம்முக்குப் பெரிய தொகை வராத வரைக்கும் இந்தக் கிளெய்ம் நஷ்டம்தான்.

டயர் புரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தா கதை வேற. புடைப்பு, வெட்டு அதுல வருதா, தேய்மானத்துக்கு எவ்வளவு கழிப்பாங்கன்னு பாலிசியில பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

மேடு தெரிஞ்ச டயரோட "இந்த மாசம் சம்பளம் வந்ததும் மாத்திக்கலாம்"னு ஓட்டாதீங்க. ஸ்டெப்னியை அன்னைக்கே மாட்டிட்டா, புது டயர் வாங்குற செலவை மட்டும்தான் சம்பளம் வரைக்கும் தள்ளிப் போடுறீங்க. அது பரவாயில்ல.