சான்றிதழ் உண்டு என்றால் என்ன சான்றிதழ்?

தாம்பரம், சேலையூர், பல்லாவரம், வண்டலூர் வட்டாரத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவற்றின் துறைகள் பொதுமக்களுக்காகத் தொடர் கருத்தரங்கு நடத்துவதும் நல்ல வழக்கம்தான். ஆனால் அதற்கான அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்ததும் நம் ஆட்கள் செய்வதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. பேச்சாளர் படத்தைப் பார்க்கிறார்கள், 'சான்றிதழ் உண்டு' என்ற இரண்டு சொல்லைப் பார்க்கிறார்கள், படிவத்தை நிரப்பிவிட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பத்து வரியை யாரும் படிப்பதில்லை. பின்னால் வரும் வம்பு முழுவதும் அந்தப் பத்து வரியில்தான் இருக்கிறது.

முதலில், நடத்துபவர் யார் என்று பாருங்கள். இடத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. 2023 பிப்ரவரி 26 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் விவேகானந்தா அரங்கில் ஒரு விழா நடந்தது. திரையுலகினர் உட்பட பலருக்குக் 'கௌரவ டாக்டர்' பட்டம் கொடுத்தார்கள். நடத்தியது ஊழல் ஒழிப்பு, மனித உரிமை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு தனியார் அமைப்பு. பட்டத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்து, காவல் துறையில் புகார் கொடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் பெயரில் போலிக் கடிதம் கொடுத்து அரங்கம் வாங்கியதாகவும் தெரியவந்தது. அரங்கம் உண்மை, பட்டம் பொய். பெரிய மனிதர்களே மேடையேறி வாங்கிக்கொண்டார்கள் என்றால் நம்மைப் போன்றவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

ஆகவே அறிவிப்பில் துறையின் பெயர், ஒருங்கிணைப்பாளரின் பெயர், நிறுவனத்தின் மின்னஞ்சல் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ac.in, edu.in என்று முடியும் முகவரிகள் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே பதிவு செய்து தரப்படுபவை. வெறும் ஜிமெயில் முகவரி இருந்தாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது, நல்ல துறைகளே அந்தச் சோம்பேறித்தனத்தைச் செய்கின்றன. அப்படியானால் கல்லூரியின் இணையதளத்தில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு ஒரு முறை பேசிக் கேளுங்கள். போஸ்டரில் உள்ள எண்ணுக்குப் பேசி உறுதி செய்வது உறுதி செய்வதே ஆகாது.

அடுத்து, சான்றிதழின் வகை. கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டவருக்குத் தருவது பங்கேற்புச் சான்றிதழ். கட்டுரை வாசித்தவருக்கு, சிறப்புரை ஆற்றியவருக்குத் தருவது வேறு. இணைப் பேராசிரியர் பணிக்கு முயல்பவர்கள் இதில்தான் தவறு செய்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறையில் ஆய்வு மதிப்பெண் பட்டியல் ஒன்று உண்டு. கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதற்கும் அழைப்பின் பேரில் உரையாற்றுவதற்கும் அதில் மதிப்பெண் இருக்கிறது: மாநில, பல்கலைக்கழக அளவில் 2, தேசிய அளவில் 3, நாட்டுக்குள் நடக்கும் சர்வதேசக் கருத்தரங்குக்கு 5. பார்வையாளராக உட்கார்ந்ததற்கு அந்த வரிசையில் ஒன்றுமில்லை. பங்கேற்புச் சான்றிதழ் ஐம்பது சேர்த்துக் கோப்பில் அடுக்கினாலும் அந்த இடத்தில் பூஜ்யம்தான். 2020 ஊரடங்கில் படிவத்தை மட்டும் நிரப்பி நாளுக்கு நான்கு இணையவழிச் சான்றிதழ் சேர்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் இன்றும் கோபம் வருகிறது.

முனைவர் பட்ட மாணவர்களுக்கும் ஒன்று. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்று மானியக் குழுவின் 2016 விதிமுறை கேட்டது. 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கலாம். நெறியாளரிடம் கேட்டுவிட்டுப் பிறகு கருத்தரங்கு தேடுங்கள். அங்கேயும் வாசித்ததுதான் கணக்கு, கேட்டது கணக்கில்லை.

இனி, அதிகமானோர் சிக்கும் இடத்துக்கு வருகிறேன். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பெருங்களத்தூரில் ஒரு பள்ளி ஆசிரியை. ஆறு சனிக்கிழமை நடக்கும் தொடருக்குப் பதிவு செய்கிறார். மதிப்பெண் பட்டியலில் அவர் பெயர் MAHESWARI K. படிவத்தில் Mahi Kumaresan என்று அடித்துவிடுகிறார், ஃபேஸ்புக்கில் அப்படித்தான் இருக்கிறது. முதல் நான்கு வாரம் ஒழுங்காக வருகிறார். ஐந்தாவது வாரம் மின்சார ரயில் தாமதம், வருகைத் தாள் உள்ளே போன பிறகுதான் வருகிறார். ஆறாவது வாரம் கூட்டம் முடியும்போது திரையில் பின்னூட்டப் படிவத்தின் கியூஆர் குறியீட்டைக் காட்டுகிறார்கள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று எழுந்து போய்விடுகிறார். ஒரு மாதம் கழித்துச் சான்றிதழ் வரவில்லை என்று பக்கத்து வீட்டில் புலம்புகிறார்.

அவர் ஆறு வாரமும் அந்த அரங்கில் இருந்தார். ஆனால் துறையின் கணக்கில் ஐந்து கையெழுத்துதான் இருக்கிறது, பின்னூட்டம் இல்லை. பெரும்பாலான துறைகளில் பின்னூட்டப் படிவத்திலிருந்துதான் சான்றிதழுக்கான பெயர்ப் பட்டியலே உருவாகிறது. அதை நிரப்பாதவருக்குச் சான்றிதழ் போகாது. அப்படியே வந்திருந்தாலும் Mahi Kumaresan என்று வந்திருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பில் அதை ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

எனவே படிவத்தில் பெயரைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி அடியுங்கள். இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால், புள்ளி இருந்தால் புள்ளியோடு. நீங்கள் அடித்ததை யாரும் திருத்தி அச்சிடுவதில்லை, மென்பொருள் அப்படியே எடுத்துச் சான்றிதழில் ஒட்டிவிடுகிறது. 'பதில்களின் நகலை எனக்கு அனுப்பு' என்ற பொத்தான் படிவத்தின் அடியில் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லாவிட்டால் 'பதிவாகிவிட்டது' என்று வரும் திரையைப் படமெடுத்து வையுங்கள். ஒவ்வொரு வாரமும் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதையும் ஒரு படம் எடுங்கள், பக்கத்துப் பெயர்களும் எண்களும் விழாமல். தாமதமாக வந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் போய், தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

சான்றிதழ் தாமதமானால் உடனே ஏமாற்று என்று குதிக்கவும் வேண்டாம். பல துறைகள் சாதாரண ஜிமெயில் கணக்கில், கூகுள் விரிதாளோடு இணைந்த இலவசக் கருவியால் அனுப்புகின்றன. அந்த வகைக் கணக்கில் அப்படி ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் தானியங்கியாக அனுப்ப முடியும். 600 பேர் பதிந்திருந்தால் ஆறு நாள். இது தெரியாமல் '24 மணி நேரத்தில் சான்றிதழ்' என்று போஸ்டரில் போடும் துறைகளைத்தான் கண்டிக்க வேண்டும். ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள், இரண்டு வாரம் பொறுங்கள்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் யாரிடம் போவது? இங்கேதான் நம் மக்கள் தபால் செலவை வீணாக்குகிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்ற ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் நடந்த கருத்தரங்குக்குச் சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பயனில்லை. இணைப்பு அங்கே, பட்டம் அங்கிருந்து, ஆனால் கருத்தரங்கு கல்லூரியுடையது. எழுத வேண்டியது முதல்வருக்கு. பல்லாவரம், சேலையூர், வண்டலூரில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் என்றால் பதிவாளருக்கு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம் அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதி, அங்கே டீனுக்கு எழுதி, கிண்டியில் உள்ள பதிவாளருக்கு நகல் அனுப்புங்கள். எங்கேயானாலும் முதல் கடிதம் ஒருங்கிணைப்பாளருக்கும் துறைத் தலைவருக்கும் போக வேண்டும். ஒரு வாரத்தில் பதில் இல்லாவிட்டால் அதே கடிதத்தை மேலே அனுப்புங்கள்.

கடிதத்தில் அழுகை வேண்டாம். தொடரின் பெயர், நீங்கள் வந்த தேதிகள், பதிவு செய்த நாளும் நேரமும், படிவத்தில் கொடுத்த மின்னஞ்சல், மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி பெயர், பணம் கட்டியிருந்தால் பரிவர்த்தனை எண். படங்களை இணையுங்கள். பெயர்ப் பிழை மட்டும் என்றால் சரியான பெயரும் அதற்கான ஆவணத்தின் முதல் பக்கமும் போதும், ஆதார் எண்ணை எல்லாம் அனுப்பிவைக்காதீர்கள்.

நிறுவனம் அரசுடையதாகவோ அரசு உதவி பெறுவதாகவோ இருந்தால் தகவல் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, அதில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. 'ஏன் தரவில்லை' என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். இன்ன தேதிகளின் வருகைப் பதிவேட்டில் என் பெயர் உள்ள பக்கத்தின் நகல், சான்றிதழ் வழங்க வகுத்த நிபந்தனையின் நகல், வழங்கிய தேதி என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். முழுக்கத் தனியார் நிறுவனம் என்றால் இந்த வழி பெரும்பாலும் அடைபடும்.

அங்கேயே படிக்கும் மாணவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், அதன் முடிவில் திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வெளியிலிருந்து வந்து கேட்ட பொதுமக்களுக்கு அது பொருந்தாது. அந்த விதிமுறையில் மாணவர் என்றால் சேர்ந்து படிப்பவர் அல்லது சேர்க்கைக்கு முயல்பவர்தான்.

பணம் கேட்டால் ஒரே விதி. நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். யுபிஐ-யில் பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயர் திரையில் வரும். அங்கே ஒரு தனிமனிதர் பெயர் வந்தால் நிறுத்துங்கள். 'சார் கணக்குதான், பரவாயில்லை' என்று மாணவத் தொண்டர் சொன்னாலும் நிறுத்துங்கள். 'இலவசம்' என்று அறிவித்துவிட்டுப் பிறகு 'சான்றிதழுக்கு மட்டும் 200' என்று செய்தி வந்தாலும் நிறுத்துங்கள், துறையைக் கேளுங்கள். கட்டி ஏமாந்துவிட்டால் அன்றே 1930 என்ற எண்ணை அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியுங்கள். நேரம் கடந்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போய்விடும்.

துறைகளுக்கும் ஒரு வார்த்தை. அறிவிப்பு இப்படி இருந்தால் இந்த வம்பில் பாதி வராது: 'பல்லாவரம் 1863: ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவி. பேச்சாளர் பெயர், பதவி, நிறுவனம். இன்ன சனிக்கிழமை, காலை 10 முதல் 12, இன்ன அரங்கம். கட்டணம் இல்லை. ஆறு உரைகளில் ஐந்துக்கு வந்து கையெழுத்திட்டு, இறுதி நாளில் பின்னூட்டப் படிவம் நிரப்பியவருக்குப் பங்கேற்புச் சான்றிதழ், மூன்று வாரத்துக்குள் மின்னஞ்சலில். கல்விப் புள்ளி கிடையாது. பெயர்த் திருத்தத்துக்கு இன்ன முகவரி, இன்ன தேதி வரை.' இதை எழுதப் பத்து நிமிடம் ஆகுமா? பேச்சாளரின் படத்தைச் சிறிதாக்கிவிட்டு இந்த வரிகளைப் பெரிதாகப் போடுங்கள்.