"ஃபீட்பேக் வரல சார்"

கான்ட்ராக்ட் வேலைக்கு இண்டர்வியூ முடிந்திருக்கும். நன்றாகத்தான் போயிருக்கும். இரண்டு நாள் கழித்து, அனுப்பிவைத்த கன்சல்டன்சிக்காரரிடம் "என்ன ஆச்சு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், "ஃபீட்பேக் வரல சார், வந்ததும் சொல்றேன்" என்பார். நாலு நாள் கழித்துக் கேட்டாலும் அதே பதில். அதற்கடுத்த வாரம் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது.

மழுப்புகிறார் என்றுதான் நமக்குத் தோன்றும். நான் கொஞ்ச காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: பெரும்பாலான நேரம் அவருக்கே தெரியாது. ஏன் தெரியாது என்பது புரிந்துவிட்டால், அவரிடம் எதைக் கேட்டால் பதில் வரும் என்பதும் புரிந்துவிடும். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய நிறுவனம். அங்கே ஒரு டீம் மேனேஜருக்கு 12 மாதத்துக்கு ஒரு டெஸ்டர் தேவை. அவர் நேராகக் கன்சல்டன்சிக்குப் போன் போட முடியாது. முதலில் செலவுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் வந்ததும் அந்தத் தேவைக்கு ஒரு எண் விழும். பிறகு வெண்டர்களைக் கவனிக்கும் பிரிவு அதை ஃபீல்டுகிளாஸ், பீலைன் போன்ற ஏதாவது ஒரு போர்ட்டலில் ஏற்றும். அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிற கன்சல்டன்சிகளுக்கு அது ஒரே நேரத்தில் தெரியும். ஒவ்வொரு கன்சல்டன்சியிலும் அதைப் பார்ப்பவர் அக்கவுண்ட் மேனேஜர். அவர் தனக்குக் கீழே இருக்கிற ரெக்ரூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். உங்களுக்குப் போன் செய்தவர் அந்தக் கடைசி ஆள். சில சமயம் அவருடைய கம்பெனி அந்தப் பட்டியலிலேயே இருக்காது. பட்டியலில் உள்ள இன்னொரு கன்சல்டன்சிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற துணை வெண்டராக இருக்கும். அப்படியானால் நடுவில் இன்னும் ஒரு கை.

உங்கள் ரெஸ்யூம் இந்தப் படிகளில் ஏறித்தான் மேனேஜரிடம் போகிறது. முடிவும் அதே படிகளில் இறங்கித்தான் வர வேண்டும். பல நிறுவனங்களில் ரெக்ரூட்டர் மேனேஜரிடம் நேரடியாகப் பேசக் கூடாது என்றே விதி இருக்கும். ஆகவே "என் செலக்‌ஷன் என்ன ஆச்சு?" என்பது அவரால் பதில் சொல்ல முடியாத கேள்வி. "விஷயம் இப்போது எந்தப் படியில் நிற்கிறது?" என்று கேட்டால், அதை அவர் தன் அக்கவுண்ட் மேனேஜரிடம் விசாரித்துச் சொல்ல முடியும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். டெஸ்டிங்கில் எட்டு வருட அனுபவம் உள்ள ஒரு பெண். எல்1, எல்2 இரண்டு சுற்றும் முடிந்துவிட்டன. எல்2 நடந்தது செவ்வாய்க்கிழமை. வருடத்துக்கு 15 லட்சம் கேட்டிருக்கிறார், அதாவது மாதம் 1,25,000 ரூபாய். கன்சல்டன்சி அந்த நிறுவனத்திடம் மாதம் 1,50,000 ரூபாய் பில் ரேட் சொல்லியிருக்கிறது. இடையில் உள்ள 25,000 ரூபாயில்தான் கன்சல்டன்சியின் செலவும் லாபமும் அடங்க வேண்டும். மேனேஜருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆனால் எட்டு வருட அனுபவத்துக்கு அந்த நிறுவனத்தின் ரேட் கார்டு 1,40,000 ரூபாய்க்கு மேல் போகாது. வெண்டர் பிரிவு குறைக்கச் சொல்கிறது. பதினையாயிரத்தில் கட்டுப்படியாகாது என்று அக்கவுண்ட் மேனேஜர் இழுத்துக்கொண்டிருக்கிறார். இது நடந்து முடிய ஒரு வாரம் போகலாம், இரண்டு வாரமும் போகலாம். அந்த இடைவெளி முழுக்க அந்தப் பெண்ணுக்குப் போகிற பதில், "ஃபீட்பேக் வரல மேடம்."

எல்2-வில் எதையோ சொதப்பிவிட்டோம் என்று அவர் வீட்டில் உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். நடப்பதோ ரேட் பேரம். இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. திடீரென்று ரெக்ரூட்டர் தானாகப் போன் செய்து, "கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா மேடம்?" என்று கேட்பார். வேண்டாம் என்று முடிவாகிவிட்ட ஆளிடம் யாரும் இப்படிப் பேரம் பேச மாட்டார்கள். அந்தக் கேள்வி வந்தால் விஷயம் மேனேஜரைத் தாண்டிவிட்டது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். அப்போது உடனே சரி என்றும் சொல்லிவிட வேண்டாம், மாட்டேன் என்றும் வெட்டிவிட வேண்டாம். "மேனேஜர் ஓகே சொல்லிவிட்டாரா, ரேட் மட்டும்தான் பாக்கியா?" என்று கேட்டுவிட்டு, உங்களால் இறங்க முடிந்த கடைசித் தொகையை ஒரே தடவை சொல்லுங்கள். இதற்கு நேர்மாறாக, ஓகே ஆன பிறகு நீங்கள் தொகையைக் கூட்டிக் கேட்டால் முழு ஒப்புதலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இதில் பல வேலைகள் கைநழுவிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தப் பெண் எப்படி விசாரிக்க வேண்டும்? "எனி அப்டேட்?" என்று அனுப்பினால் "நோ அப்டேட்" என்றுதான் வரும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

"வணக்கம். இந்த எண்ணுள்ள டெஸ்டிங் ரெக்வைர்மென்ட்டுக்கு செவ்வாய்க்கிழமை எல்2 முடிந்தது. மேனேஜர் முடிவைப் போர்ட்டலில் போட்டுவிட்டாரா, இன்னும் அவரிடமே இருக்கிறதா என்று உங்கள் அக்கவுண்ட் மேனேஜரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? இப்போதைய கம்பெனியில் என் நோட்டீஸ் பீரியட் 30 நாள். வெள்ளிக்கிழமை மதியம் போன் செய்கிறேன்."

ரெக்ரூட்டர் ஒரே நேரத்தில் பல ரெக்வைர்மென்ட்டுகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்; எண் இருந்தால் எந்த வேலை, எந்த ஆள் என்று தேட வேண்டாம். இந்த மெசேஜை அப்படியே அக்கவுண்ட் மேனேஜருக்கு ஃபார்வர்டு செய்துவிடலாம். அவரும் வெண்டர் பிரிவோடு பேசும்போது, "இந்த ஆளுக்கு 30 நாள் ஆகும், இப்போதே சொன்னால்தான் முடியும்" என்று நெருக்க ஒரு பிடி கிடைக்கிறது. கையில் உண்மையிலேயே வேறு ஆஃபர் இருந்தால் அதையும் தேதியோடு சொல்லலாம். இல்லாததைச் சொல்ல வேண்டாம். லெட்டரின் காப்பியை அனுப்புங்கள் என்று கேட்டுவிடுவார்கள்.

திரும்பி வரும் பதில்களை எப்படிப் படிப்பது? "மேனேஜரிடம் இருக்கிறது" என்றால் வேலை இன்னும் உயிரோடு இருக்கிறது; வாரம் ஒருமுறை கேட்டால் போதும். "ஹோல்டு" என்றால் பெரும்பாலும் செலவுக்கான ஒப்புதல் எங்கோ நிறுத்தப்பட்டிருக்கிறது. காலாண்டு முடிவிலும் நிதியாண்டு முடிவிலும் இது அதிகம் நடக்கும். யாரையும் எடுக்காமல் கிடக்கிற வேலை அது. உங்களை விசேஷமாக ஒதுக்கவில்லை. ஆனால் அதை நம்பிக் காத்திருக்கவும் கூடாது. "குளோஸ்டு" என்றால் பெரும்பாலும் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார். இரண்டு தடவை தெளிவாகக் கேட்டும் எந்தப் பதிலும் இல்லையென்றால் அதையும் குளோஸ்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். பல இடங்களில் ஆள் சேர்ந்தால்தான் ரெக்ரூட்டருக்கு இன்சென்டிவ். முடிந்துபோன வேலையைப் பற்றி விளக்கம் சொல்ல அவருக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள். சேரப்போகிற ஆளுக்கோ தினமும் அவரே போன் செய்வார்.

இனி, "செலக்டட்" என்ற பதில். ஆபத்து அதிகம் உள்ள இடம் இதுதான். வாய்வார்த்தையாகச் செலக்டட் என்று சொன்ன பிறகும் மூன்று வேலைகள் பாக்கி இருக்கும்: பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், நிறுவனம் கன்சல்டன்சிக்குத் தரும் பர்சேஸ் ஆர்டர், கன்சல்டன்சி உங்களுக்குத் தரும் ஆஃபர் லெட்டர். ஆஃபர் தருவது நீங்கள் போய் உட்காரப்போகும் நிறுவனம் இல்லை; பேரோல் கன்சல்டன்சியுடையது. அந்த லெட்டரிலேயே, கிளையன்ட் வேண்டாம் என்றால் இது செல்லாது என்கிற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதனால் பேப்பர் போடுவதற்கு முன்பு, "பர்சேஸ் ஆர்டர் வந்துவிட்டதா, சேரும் தேதியை கிளையன்ட் உறுதி செய்துவிட்டதா?" என்று மெயிலில் கேட்டு, மெயிலிலேயே பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற கட்டைவிரல் போதாது. "நீங்க முதல்ல ரிசைன் பண்ணுங்க, லெட்டர் பின்னாடியே வரும்" என்று அவசரப்படுத்தினால் ரிசைன் செய்யாதீர்கள். நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று முன்பே சொல்லியிருந்தால், லெட்டர் வந்த நாளிலிருந்துதான் அது ஓடத் தொடங்கும் என்றும் சொல்லிவிடலாம்.

காத்திருக்கும் நேரத்தில் இன்னொன்றும் நடக்கும். வேறொரு கன்சல்டன்சியிலிருந்து போன் வரும்: அதே ஓ.எம்.ஆர்., அதே டெஸ்டிங், அதே 12 மாதம். முதல் ஆள்தான் பதில் சொல்வதில்லையே, இவர் வழியாகப் போனால் என்ன என்று தோன்றும். முதலில் கிளையன்ட் பெயரையும் ரெக்வைர்மென்ட் எண்ணையும் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் ரெஸ்யூமைத் தர வேண்டாம். ஒரே ஆள் இரண்டு வெண்டர் வழியாக வந்தால் போர்ட்டல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பான் எண், பிறந்த தேதி போன்ற விவரங்களைக் கேட்டு வாங்குவதில் இதுவும் ஒரு காரணம். சில நிறுவனங்கள் முதலில் வந்ததை எடுத்துக்கொள்ளும். சில, வெண்டர்களுக்குள் சண்டை வேண்டாம் என்று ஆளையே விட்டுவிடும். ஏறக்குறைய முடிகிற கட்டத்தில் இருந்த ரேட் பேரம் இதனால் கலைந்துபோனால், உங்களுக்கு யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள். இதனால்தான், ரெஸ்யூமை முதன்முதலில் அனுப்பும் நாளிலேயே "உங்கள் வழியாக இந்த எண்ணுக்கு மட்டும் அனுப்பச் சம்மதம்" என்று ஒரு மெயில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். யார், எந்த வேலைக்கு, என்றைக்கு உங்களை அனுப்பினார்கள் என்பதற்கு அது உங்கள் கையில் இருக்கிற ஆதாரம்.

முதல் ஆளிடமிருந்து ஒன்றுமே வராமல், அதே கிளையன்ட்டில் வேறொரு வேலைக்கு இரண்டாவது ஆள் கூப்பிட்டால்? அப்போதும் சும்மா மாறிவிட முடியாது. ஒரு வெண்டர் அனுப்பிய ஆளைச் சில மாதங்கள்வரை அந்த வெண்டருடைய ஆளாகவே பல நிறுவனங்கள் கணக்கில் வைத்திருக்கும். ஆகவே முதல் கன்சல்டன்சிக்குக் கடைசியாக ஒரு மெயில்: "இந்த எண்ணிலிருந்து என்னை விலக்கிக்கொள்ளுங்கள். போர்ட்டலிலும் விலக்கிவிட்டதாகப் பதில் மெயில் அனுப்புங்கள்." வாரக்கணக்கில் வாய் திறக்காத ரெக்ரூட்டர்கூட இதற்கு அன்றைக்கே போன் செய்வதுண்டு, வேலை உண்மையிலேயே உயிரோடு இருந்தால் அந்தப் போனில் தெரிந்துவிடும். இல்லையென்றால், விலக்கிய மெயில் கையில் வந்ததும் இரண்டாவது ஆளுக்கு ரெஸ்யூமை அனுப்பலாம்.