மனைவியிடம் சொன்னது, வக்கீலிடம் சொன்னது: கோர்ட்டில் எது வரும், எது வராது?

மதுரை காளவாசலில் பட்டறை நடத்தும் ஒருவருக்கும் அவருடைய தொழில் கூட்டாளிக்கும் பணத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். கைகலப்பில் கூட்டாளியின் மண்டை உடைகிறது. அன்றிரவு "நான்தான் அடிச்சேன்" என்று மனைவியிடம் சொல்கிறார். மறுநாள் வக்கீலிடமும் அதையே சொல்கிறார். வழக்கு விசாரணையில் இந்த இருவரையும் கூண்டில் ஏற்றி அந்தப் பேச்சைச் சொல்ல வைக்க முடியுமா?

முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 128-வது பிரிவு மனைவியின் வாயை அடைக்கிறது, 132-வது பிரிவு வக்கீலின் வாயை அடைக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இவை 122, 126 என்ற எண்களில் இருந்தன. அவர்களே விரும்பினாலும் சொல்ல முடியாது. அனுமதி தரும் உரிமை கேட்டவருக்கு இல்லை, சொன்ன பட்டறைக்காரருக்குத்தான் உண்டு.

பேச்சுக்குத்தான் பூட்டு

ஆனால் மனைவி கண்ணால் பார்த்தது வேறு. ராம் பரோசே வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் விடியற்காலையில் கூரையிலிருந்து இறங்கியதையும், வைக்கோல் அறைக்குள் போய்க் குளித்துவிட்டு அதே வேட்டியைக் கட்டியதையும் மனைவி பார்த்திருந்தார். அதை அவர் சொல்லலாம் என்றது கோர்ட். நகை எடுக்கப் போனதாகக் கணவர் சொன்ன வார்த்தைகளை மட்டும் ஒதுக்கியது. நம் பட்டறைக்காரர் ரத்தக்கறைச் சட்டையோடு வீட்டுக்கு வந்திருந்தால், அதை மனைவி சொல்லத் தடையில்லை.

பூட்டு போடப்படுவது மனைவியின் வாய்க்குத்தான், அந்தச் செய்திக்கு அல்ல. வர்கீஸ் - பொன்னன் வழக்கில் கணவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் மாமனாரை இழிவுபடுத்தியிருந்தார். கடிதங்கள் மாமனார் கைக்குப் போயின, அவர் அவதூறு வழக்குப் போட்டார். மனைவி சாட்சி சொல்லாமல் வேறு வழியில் கடிதங்களை நிரூபிக்க முடிந்தால் நிரூபிக்கலாம் என்று 1968-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருமணம் பின்னால் முறிந்துபோனாலும், கணவன் மனைவியாக இருந்தபோது சொன்னதற்குப் பாதுகாப்பு நீடிக்கும் என்பதும் அதே தீர்ப்புதான்.

இருவரும் எதிரெதிரே நின்றால்?

128-வது பிரிவிலேயே இரண்டு விதிவிலக்குகள் உள்ளன. தம்பதிக்குள் நடக்கும் சிவில் வழக்கு ஒன்று. ஒருவர் மற்றவருக்கு எதிராகச் செய்த குற்றத்துக்கான வழக்கு இன்னொன்று. இந்த இரண்டிலும் பூட்டு திறந்துவிடும். விவாகரத்து வழக்கில் "என்னிடம் இப்படிச் சொன்னார்" என்று மனைவி தாராளமாகச் சொல்லலாம்.

அப்படியானால் ரகசியமாக எடுத்த ஆதாரம்? 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு இந்தக் கேள்வி வந்தது. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட கணவர், மனைவியின் செல்போன் அழைப்புப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்திருந்தார். அது தம்பதிக்குள் நடந்த பேச்சு அல்ல என்பதால், விவகாரம் அந்தரங்க உரிமையைச் சுற்றியே நின்றது. ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதைச் சட்டம் ஊக்குவிக்க முடியாது என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்தப் பட்டியலை நிராகரித்தார்.

2025 ஜூலை 14-ல் விபோர் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு பக்கம் சாய்ந்தது. மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவுசெய்த தொலைபேசிப் பேச்சைக் குடும்பநல வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்றது. பழைய 122-வது பிரிவு திருமண உறவைக் காக்க வந்ததே தவிர, தம்பதிக்குள் அந்தரங்க உரிமையை நிலைநாட்ட வந்ததல்ல என்பது அதன் வாதம். மதுரைத் தீர்ப்பு ஊன்றி நின்ற தூண் இதனால் ஆட்டம் கண்டது. இன்று மதுரைக் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகிறவர், வீட்டுக்குள் பேசியது பதிவாகி எதிரே வரக்கூடும் என்று தெரிந்தே போக வேண்டும்.

வக்கீல் பூட்டு உறுதியானது

வக்கீல் விஷயத்தில் பாதுகாப்பு, வழக்கு முடிந்த பிறகும் தொடரும், குமாஸ்தாவுக்கும் பொருந்தும். கட்சிக்காரர் தானே கூண்டேறிச் சாட்சி சொன்னாலும் போகாது.

அது போகும் இடம் ஒன்று உண்டு. நடந்துவிட்ட அடிதடியைச் சொல்லி ஆலோசனை கேட்டால் பாதுகாப்பு. "ரத்தக்கறை படிந்த ஸ்பானரை எங்கே ஒளிக்கலாம்?" என்று கேட்டால் இல்லை, ஏனென்றால் அது இனிச் செய்யப்போகும் சட்டவிரோதச் செயலுக்கான பேச்சு. நண்பரையும் அறைக்குள் கூட்டிப்போய்ப் பேசினால், அந்த நண்பரைச் சாட்சியாக அழைப்பதை இந்தப் பிரிவு தடுக்காது.

2025 ஜூனில் சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதாருக்கு, அவர் கொடுத்த சட்டக் கருத்துக்காக அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. எதிர்ப்பு எழுந்து சம்மன் திரும்பப் பெறப்பட்டது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, அக்டோபர் 31-ல் வரையறை வகுத்தது: விதிவிலக்குக்குள் வந்தால் மட்டுமே வக்கீலுக்குச் சம்மன் அனுப்பலாம், அதற்குரிய காரணம் சம்மனிலேயே இருக்க வேண்டும், எஸ்.பி. தரத்துக்குக் குறையாத அதிகாரி எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும்.

வக்கீலின் கையில் இருக்கும் ஆவணங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. போலீஸ் அவற்றை நேரடியாக வாங்க முடியாது, கோர்ட்டில்தான் தாக்கலாகும். அதனால் பட்டறைக் கணக்கு நோட்டை வக்கீலிடம் கொடுத்துவைத்தால் அது ரகசியமாகிவிடாது. அவரிடம் மனம்விட்டுச் சொன்னதே ரகசியம்.